ஃபிஷ்ஷுக்கு இடது கை சீட்: கிடைச்சவங்க, கிடைக்காதவங்க சொல்லுங்க

பேட்டை ராசா
காசு வச்சு ஆன்லைன்ல ஆடுறதைத் தடை பண்ணின 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கு முந்தின போக்கர் கதை. 5/10 பிளைண்ட், ஆறு பேர் டேபிள். லாபியில ஃப்ளாப் பாக்கிறவங்க 48 சதவீதம்னு காட்டுச்சு, மத்த டேபிள்லாம் 20, 22தான். எந்தக் கைக்கும் காசு போடுற ஃபிஷ் ஒருத்தரு இருக்காருன்னு லிஸ்ட்ல பேரப் போட்டேன். கிடைச்ச சீட்டு அந்த ஆளுக்கு வலது பக்கம். ஏஸ்-பத்து வச்சு 30க்கு ஏத்துனா அவரு 120. ஃபோல்ட். ரெண்டு ஒன்பது, 30. மறுபடி 120. எதை வச்சுத்தான் ஏத்துதாருன்னு ஒண்ணும் பிடிபடல.

பொறவு காசு தீந்து எந்திரிச்சுப் போனாரு பாருங்க, அந்த நொடிதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. அடுத்த கை போடுமுன்ன மத்த நாலு பேரும் சிட் அவுட். டேபிள்ல நான் ஒருத்தன்!

கல்லிடை மணி
ராசா, உம்ம சீட்டுதான் அந்த டேபிள்லயே மோசம். ஆறு பேர் ஆட்டத்துல ஒருத்தருக்கு நேர் இடது பக்கம் இருந்தா, ஃப்ளாப்புக்குப் பொறவு ஆறுல அஞ்சு கையில அவரு பேசின பொறவுதான் நாம பேசுவோம். அவரு பட்டன்ல இருக்கிற ஒரு கைதான் விலக்கு. அதே ஒன்பது ஜோடி இடது சீட்டுல வந்திருந்தா அவரு முதல்ல 30 ஏத்தியிருப்பாரு, நீரு 100 போட்டிருப்பீரு, மத்தவன்லாம் பயந்து விட்டுருவான், அவரு மட்டும் கூட வருவாரு. கை மாறல, வரிசைதான் மாறுது.

எனக்கும் ஒரு ராத்திரி இடது சீட்டு காலியாச்சு. இருந்த டேபிளை விட்டு எந்திரிச்சு அங்க கிளிக் பண்ணுதேன், அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்துட்டான். அவனுக்கு அங்க வேலையே அதுதான். ஒத்த சீட்டுக்கு மூணு பேரு லாபியில காவல் இருந்தாங்க.

வள்ளியூர் எக்ஸ்பிரஸ்
சீட்டுப் பாத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும் மக்கா. நான் அப்பல்லாம் எட்டு டேபிள் ஓட்டுவேன். ஒரு டேபிள்ல மணிக்கு 75 கை, எட்டுல 600. நூறு கைக்கு எட்டு பிக் பிளைண்ட் ஜெயிக்கிறவன் எட்டு டேபிள்ல எட்டு மடங்கு ஜெயிப்பான். கணக்கு அம்புட்டுதான்.

கல்லிடை மணி
கை எட்டு மடங்கு ஆகும், சரி. அந்த எட்டு பிளைண்டு அப்படியே நிக்குமாவே? ஒரு டேபிள்ல நூறு கைக்கு எட்டுன்னா மணிக்கு ஆறு பிளைண்ட். நாலு டேபிள்ல கவனம் கொறஞ்சு அஞ்சுன்னு வையுங்க, 300 கைக்கு 15 வரும். எட்டுல ஒண்ணரைக்கு விழுந்துட்டா 600 கைக்கு ஒன்பதுதான். நாலு டேபிள்ல வர்றதை விடக் கம்மி. இதெல்லாம் உதாரணக் கணக்குதான், ஆளுக்கு ஆளு மாறும். ஆனா எட்டு டேபிள்ல, ஃபிஷ் எந்திரிச்சுப் போனது பல நேரம் தெரியவே தெரியாது. கெட்டிக்காரன் அஞ்சு பேரு கூட அரை மணி நேரம் சைட்டுக்கு ரேக் கமிஷன் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீரு. ராசா டேபிள்ல அந்த நாலு பேரு ஒரே கையில எந்திரிச்சாங்கல்லா, அவங்கதான் டேபிளைப் பாத்துக்கிட்டு இருந்தவங்க.

அம்பை அண்ணாச்சி
சீட்டு பாக்கணும்னு நானும் சொல்லுவேன் தம்பிகளா. எங்க ஊர்ல சீட்டாட்டம் நடந்தா கிழக்கப் பாத்து உக்காந்தவனுக்குத்தான் கை வரும். மேற்கே பாத்தா விடிய விடிய அடிதான். போன்ல ஆடும்போது எந்தப் பக்கம் பாக்கணும்?

தென்காசி சாரல்
அண்ணாச்சி 😄 அது வேற சீட்டு.

எனக்கு நடந்தது சின்னது. ஆறு டேபிள் ஓடிக்கிட்டிருந்தப்ப ஒண்ணுல ரெண்டு கிங் வந்துச்சு, பக்கத்து டேபிள்ல பெரிய பாட் ஓடுது, டைம் பேங்க் தீந்து கிங்கு தானா ஃபோல்ட் ஆயிட்டு.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். டேபிளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க, பக்கம் பக்கமா விரிங்க. மேல வர்ற டேபிள் மட்டும் தெரிஞ்சா உங்க முறை வராத கைகள்ல யாரு என்ன பண்ணுதான்னு பாக்கவே முடியாது, நோட்டும் எழுத முடியாது. ஃபிஷ்ஷுக்கு ஒரு கலர் போடுங்க. அந்தக் கலர் டேபிளை விட்டுப் போனா பிளைண்ட் வரமுன்ன நீங்களும் எந்திரிங்க. புது டேபிளைத் திறக்கறதுக்கு முந்தி ஒண்ணை மூடுங்க. ஃபோல்ட் பண்ணதும் வேற ஆளுங்ககிட்ட தூக்கிப் போடுற வேக ஆட்டத்துல இதெல்லாம் செல்லாது, அங்க சீட்டும் கிடையாது, டேபிளும் கிடையாது.

வள்ளியூர் எக்ஸ்பிரஸ்
மணி அண்ணே, ரேக்ல திரும்பக் கிடைக்கிற காசை உம்ம கணக்குல சேக்கவே இல்லையே? அது கைக்குத் தக்கன வந்துச்சு. 600 கைக்கு அதையும் சேத்தா உங்க நாலு டேபிளை எட்டிப் பிடிச்சிரும்.

கல்லிடை மணி
எத்தனை சதவீதம் திரும்ப வந்துச்சுன்னு சொல்லும், கணக்குப் போட்டுப் பாப்போம். நாலு டேபிளுக்கும் அது உண்டுல்லா, அதை விட எட்டுல மணிக்கு ஆறு பிளைண்டுக்கு மேல கூடுதலா வந்தாத்தான் உம்ம பேச்சு நிக்கும்.

பேட்டை ராசா
நீங்க சண்டையப் போடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலது சீட்டு மட்டும்தான் காலின்னா, அந்த டேபிள்ல உக்காரவா, வேண்டாமா?