ஐஸ் மெஷினா, மினி வேனா? ஐஆர்ஆர் ஒன்று சொல்கிறது, என்பிவி வேறு சொல்கிறது

முதுநகர் மீன்கடை: கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரம். ஐஸ் உடைக்கும் மெஷின் 2 லட்சம், செலவு போக ஆண்டுக்கு 1 லட்சம் நிற்கும். ஐஸ் பெட்டி வைத்த மினி வேன் 6 லட்சம், ஆண்டுக்கு 2,75,000. இரண்டுக்கும் மூன்று ஆண்டுக் கணக்கு, கடன் வட்டி 12 சதவீதம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். மெஷின் கணக்கு B-இல், வேன் கணக்கு C-இல்; B2, C2 இரண்டிலும் முதலை மைனஸில் போட்டிருக்கிறேன்.

```
=IRR(B2:B5)      23%
=IRR(C2:C5)      18%
=NPV(12%,B2:B5)  35,878
=NPV(12%,C2:C5)  54,021
```

ஐஆர்ஆர், அதாவது போட்ட பணம் தரும் ஆண்டு வருவாய் சதவீதம், மெஷினைச் சொல்கிறது. என்பிவி, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் முதல் போக மிஞ்சுவது, வேனைச் சொல்கிறது. எதை நம்புவது?

பண்ருட்டி பலா: 23 பெரிதா, 18 பெரிதா? மெஷினை வாங்குங்கள்.

வில்லியனூர் கணக்கு: முதலில் ஒரு தப்பைத் திருத்துங்கள். NPV கொடுத்த முதல் செல்லையே ஓராண்டு கழித்து வரும் பணமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் இன்று போடும் முதலையும் உள்ளே சேர்த்துவிட்டீர்கள். அதை வெளியே எடுங்கள்:

```
=NPV(12%,C3:C5)+C2
```

வேனுக்கு 60,504 வரும், மெஷினுக்கு 40,183. ஐஆர்ஆர் சரிதான்.

பண்ருட்டியார் சொல்வது பாதி சரி. தனியாக ஒன்றை எடுப்பதா, விடுவதா என்றால் 23 போதும். இங்கே வேனுக்கு 4 லட்சம் கூடுதலாகப் போகிறது, அதற்கு ஆண்டுக்கு 1,75,000 கூடுதலாக வருகிறது. அந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஐஆர்ஆர் போட்டால் ஏறக்குறைய 15 சதவீதம். வட்டி 12 என்பதால் வேன் வாங்கலாம். அதுவே 16 ஆனால் மெஷினுக்கு 24,600, வேனுக்கு 17,600 என்று மாறிவிடும்.

பண்ருட்டி பலா: நான் முந்திரி உடைக்கும் மெஷின் போட்டபோது, போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று மட்டும்தான் பார்த்தேன். நஷ்டம் வரவில்லையே!

வில்லியனூர் கணக்கு: அப்படிப் பார்த்தால் முதல் திரும்பிய பிறகு வரும் பணம் கணக்கிலேயே வராது. சரி, அதை விடுங்கள். முதுநகர் அக்கா, 2,75,000 என்பது 12 மாத வரவா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கழித்தீர்களா?

முதுநகர் மீன்கடை: ஐயோ, இல்லை. மாத வரவைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டேன்.

வில்லியனூர் கணக்கு: பத்து மாதம் என்று வைத்தால் வேன் சுமார் 49,600 நஷ்டம். மெஷின் 150 ரூபாய் லாபத்தில் தப்பிக்கிறது. நான் முன்பு சொன்ன வித்தியாசக் கணக்கும் அப்போது வேனுக்கு எதிராகத்தான் நிற்கும்.

முதுநகர் மீன்கடை: தடைக்காலத்திலும் நாட்டுப் படகு கடலுக்குப் போகும், ஐஸ் முழுதாக நிற்காது தம்பி. வேனுக்கு அந்த இரண்டு மாதம் எவ்வளவு ஓட்டம் கிடைக்கும் என்று டிரைவர்களிடம் கேட்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் வேன் என்ன விலைக்குப் போகும் என்பதையும் நான் சேர்க்கவில்லை.

வில்லியனூர் கணக்கு: அந்த விற்பனைத் தொகையை C5-இல் கூட்டுங்கள். பத்து மாதக் கணக்கிலும் வேன் 70,000 ரூபாய்க்குப் போனால் நஷ்டம் ஏறக்குறைய மறைந்துவிடும்.