பொருள்: நூலகக் கணக்கில் ஒரு பூஜ்யம் கூடிப்போனது பற்றி

பொருளாளர், ஊரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

நூலக மேல்தளத்துக்காக அனுப்பிய வேண்டுகோளில் தமிழ் மடலில் ஒரு தொகையும், ஆங்கில மடலில் அதைப்போல் பத்து மடங்கும் போய்விட்டது. பொறியாளர் கொடுத்த மதிப்பீடு ₹12,50,000. தமிழ் மடலில் அது சரியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் 12.5 மில்லியன் ரூபாய் என்று இருக்கிறது, அதாவது ஒன்றேகால் கோடி.

கணக்குக்காக ஒரு அமெரிக்க டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்திருந்தோம். அப்படிப் பார்த்தால் 15,625 டாலர், ஐம்பது குடும்பம் பகிர்ந்தால் தலைக்கு 312.50. ஆங்கில மடலில் தலைக்கு 3,125 என்று வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அக்கா போன் செய்து, "மேல்தளம் போடவா, கட்டடத்தையே இடித்துக் கட்டவா?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். அதற்குள் ஒரு குடும்பம் 3,125 டாலரை அனுப்பியும் விட்டது. அவர்களிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இனி தொகைகளை எப்படி எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு திருத்திய மடலை அனுப்பலாம். சொல்லுங்கள்.

---

சிகாகோவிலிருந்து:

அண்ணா, மொழிபெயர்த்தது நான்தான். எல்லாரும் மன்னிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். இங்கே பள்ளியில் படித்ததிலிருந்து மூன்று மூன்றாக எண்ணியே கண் பழகிவிட்டது. 12,50,000 என்று பார்த்ததும் நடுவில் இரண்டே இலக்கம் இருந்தது உறுத்தியது. தட்டச்சில் ஒரு பூஜ்யம் விடுபட்டிருக்கிறது என்று நினைத்து, நடுவில் ஒன்று சேர்த்து 12,500,000 ஆக்கினேன். பிழை திருத்துகிறோம் என்றுதான் நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். மதிப்பீட்டுத் தாளில் தொகைக்குப் பின்னால் "/-" என்று போட்டிருக்கிறது. அது கழித்தல் குறியா? என் யோசனை, இனி எல்லாவற்றையும் மில்லியனிலேயே எழுதிவிடலாம்.

---

குவைத்திலிருந்து:

தம்பி, மில்லியன் எல்லாம் வேண்டாம். கமாவை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. 1250000 என்று எழுதினால் யார் எங்கே வேண்டுமானாலும் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்.

பொருளாளருக்கு ஒரு விஷயம். போன மாதம் நான் கொடுத்தது 25.000 தினார். ரசீதில் 25,000 என்று வந்திருக்கிறது. இருபத்தைந்தாயிரம் தினார் கொடுக்கிற வசதி எனக்கு இல்லை. அதை மாற்றி அனுப்புங்கள்.

---

சிங்கப்பூரிலிருந்து:

தலைக்கு 312.50 என்றால் எங்கள் வீட்டுக்கும் அதே 312.50 வெள்ளியா? எந்த வங்கி வழியாக அனுப்பினால் பிடித்தம் குறைவு என்றும் யாராவது சொன்னால் நல்லது. போன தடவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

---

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரையிலிருந்து:

அன்புள்ளவர்களுக்கு,

முப்பது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிகாகோ தம்பிக்கு. "/-" கழித்தல் குறி இல்லை. தொகை இதோடு முடிந்தது, பைசா கிடையாது என்று அர்த்தம். பின்னால் யாரும் இன்னொரு இலக்கத்தைச் சேர்த்துவிடாமல் வாசலை அடைக்கிற வேலையையும் அது செய்யும். ஊருக்குள் எழுதும் தாளில் இருக்கட்டும், வெளிநாட்டுக்குப் போகும் மடலில் வேண்டாம்.

பூஜ்யம் எப்படிக் கூடியது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். லட்சத்திலிருந்து மில்லியனுக்குப் போகும்போது புள்ளி ஓர் இடம் இடப்பக்கம் நகரும். 12.5 லட்சம் என்பது 1.25 மில்லியன். கோடியிலிருந்து மில்லியனுக்குப் போகும்போது அதே புள்ளி வலப்பக்கம் நகரும். 1.25 கோடி என்பது 12.5 மில்லியன். எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்குத் தெரிவது அதே 1, 2, 5 தான். ஆகவே தவறான தொகையும் பார்வைக்குப் பழகியதாகவே இருக்கும், சந்தேகம் வராது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பத்து லட்சம் ஒரு மில்லியன். பன்னிரண்டரை லட்சம் என்றால் மில்லியனைக் கொஞ்சம் தாண்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு மில்லியன் என்று வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

குவைத் தம்பி சொல்வதில் பாதி சரி. கமா இல்லாவிட்டால் தப்பான இடத்தில் கமா இருக்காது, உண்மைதான். ஆனால் 1250000, 12500000 இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு ஒரு நொடியில் எது பெரியது என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு வந்த சங்கடமே ஒரு பூஜ்யத்தால் வந்தது. பூஜ்யத்தை எண்ண வைக்கிற எழுத்துமுறை அதற்கு மருந்தாகாது.

மருந்து காசோலையிலேயே இருக்கிறது. எண்ணாலும் எழுத வேண்டும், எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவு சொல்கிறது. "பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்" என்று பக்கத்தில் இருந்திருந்தால் தம்பி பூஜ்யம் சேர்த்திருக்க முடியாது. எண்ணில் ஒரு பூஜ்யம் நழுவலாம், கூடலாம். வார்த்தையில் லட்சம் தானாகக் கோடியாகாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொருளாளர் இணைத்த வங்கி அறிக்கையில் இருப்பு 2,45,000.00 Cr என்று இருக்கிறது. வங்கிக் கணக்கில் Cr என்றால் வரவு, அந்தப் பணம் நம்முடையது என்று பொருள். மிகைப்பற்று ஆகியிருந்தால் Dr என்று வரும். ஆனால் செய்தித்தாள்களில் அதே Cr கோடிக்கும் வருகிறது. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் இதை இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் கோடி என்று படித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மில்லியனுக்குப் போடும் M என்ற ஒற்றை எழுத்தும் அப்படித்தான். சில கணக்கர்கள் ஆயிரத்துக்கு M போட்டு, மில்லியனுக்கு MM போடுவார்கள். நம் மடலில் கோடியோ, லட்சமோ, மில்லியனோ, முழுச் சொல்லாகவே இருக்கட்டும்.

---

ஜெர்மனியிலிருந்து:

பெரியப்பா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இங்கே இன்னொரு விதம். ஜெர்மன்காரர்கள் புள்ளியை ஆயிரம் பிரிக்கவும், கமாவைத் தசமத்துக்கும் போடுகிறார்கள். 1.250 என்று நான் எழுதினால் அலுவலகத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. குவைத் அண்ணன் ரசீதில் நடந்தது இதற்கு அண்ணன் தம்பி மாதிரி. ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ் என்பதால் அங்கே புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் எழுதுவது வழக்கம். 25.000 என்பது சரியாக இருபத்தைந்து தினார், ஒரு ஃபில்ஸ் கூடக் கிடையாது. பார்ப்பவருக்குப் பைசாவுக்கு இரண்டு இலக்கம்தான் பழக்கம் என்பதால், மூன்று பூஜ்யத்தைக் கண்டதும் அதை ஆயிரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே தினாரில் வரும் தொகையை நாம் திருப்பி எழுதும்போது KWD 25 என்று முடித்துவிடலாம்.

கணக்குத்தாளுக்கு ஒரு வழி இருக்கிறது. எக்செல்லில் தொகை உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, தனிப்பயன் எண் வடிவத்தில் இதை ஒட்டுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

1250000 என்று அடித்தால் 12,50,000 என்று காட்டும். 12500000 என்றால் 1,25,00,000. உள்ளே இருப்பது வெறும் எண்தான், கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் கெடுதல் இல்லை. கமாவைக் கையால் அடித்து வைப்பதைவிட இது பத்திரம். ஒரு குறை உண்டு: பற்றாக்குறையைக் கழித்தல் தொகையாக எழுதினால் அது கடைசிப் பகுதிக்குப் போய்விடும், -1,250,000 என்று வெளிநாட்டு முறையில் காட்டும். ஒரே பத்தியில் இரண்டு விதமும் கலந்து வரும். செலவுக்குத் தனிப் பத்தி போட்டு, எல்லாவற்றையும் நேர் எண்ணாக எழுதுவதுதான் நான் செய்கிற வழி.

₹ குறியும் எல்லா இடத்திலும் நம்ப முடியாது. அது 2010இல் வந்த குறி. வந்த புதிதில் ஒரு தனி எழுத்துருவை நிறுவி, விசைப்பலகையில் ` என்ற விசையை அழுத்திப் போட்டார்கள். அந்தக் கால ஆவணங்களை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தொகைக்கு முன்னால் ` மட்டும் நிற்கும். போன ஆண்டறிக்கையைத் தயாரிக்க எடுத்த பழைய கோப்பில் அதை நானே பார்த்தேன். குறி இருக்கட்டும், ஆனால் பத்தித் தலைப்பில் INR என்று எழுத்திலும் இருக்கட்டும்.

---

பொருளாளர்:

குவைத் அண்ணனுக்குத் திருத்திய ரசீது இன்றே வரும். சிங்கப்பூர் அக்கா, 312.50 என்பது அமெரிக்க டாலர், சிங்கப்பூர் வெள்ளி இல்லை. மலேசியாவில் ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறார்கள், $ என்ற குறியோ சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே இனி USD, SGD, MYR என்று மூன்றெழுத்துதான் போடப் போகிறேன். வங்கிப் பிடித்தம் பற்றித் தனி மடல் தொடங்குங்கள், அனுபவம் உள்ளவர்கள் எழுதுவார்கள்.

திருத்திய வரி இப்படி வைத்திருக்கிறேன்:

"தேவை INR 12,50,000, எழுத்தால் பன்னிரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் இந்திய ரூபாய். வெளிநாட்டு முறையில் எழுதினால் 1,250,000, அதாவது 1.25 மில்லியன் ரூபாய். ஒரு டாலருக்கு 80 ரூபாய் என்ற கணக்கில் ஏறத்தாழ USD 15,600. ரூபாயில் உள்ள தொகையே கணக்கு. டாலர் தொகை ஒரு மதிப்புக்கு மட்டும்."

15,625 என்று எழுதாமல் 15,600 என்று எழுதியது வேண்டுமென்றேதான். மாற்று விகிதம் நாளைக்கே மாறும். கடைசி இலக்கம் வரை எழுதினால் அதைத்தான் சங்கம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

---

சிகாகோவிலிருந்து:

அண்ணா, இது தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆங்கில மடலிலும் 12,50,000 வேண்டுமா? இங்கே பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்தால் நான் நினைத்த மாதிரியே பிழை என்றுதான் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் 1,250,000 மட்டும் போதும் என்பது என் எண்ணம்.

---

மதுரையிலிருந்து:

எனக்கு அது சரியாகப் படவில்லை, தம்பி. ஊரில் ஒட்டுகிற ரசீதிலும் பொறியாளர் தாளிலும் 12,50,000 என்றுதான் இருக்கும். அந்தப் பிள்ளை நாளை ஊருக்கு வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே தொகைதான் என்று மடலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

---

பொருளாளர்:

இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஞாயிறு வரை மற்றவர்களும் எழுதுங்கள், அதுவரை ஆங்கில மடலை நிறுத்தி வைக்கிறேன். 3,125 டாலர் அனுப்பிய குடும்பம், தங்கள் பங்கான 312.50 போக மீதி 2,812.50ஐத் திருப்பி அனுப்ப வேண்டாம், புத்தக அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன், டாலரிலும் ரூபாயிலும், எண்ணிலும் எழுத்திலும். பதில் வந்த பிறகே அந்தப் பணத்தைத் தொடுவேன்.