ஸ்லைடிங் ஜன்னல் நகரவும் இல்லை, தூக்கவும் வரலை. உதவுங்க (சேலம்)

மாடிவீடு:
அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், கீழ சக்கரத்துல மண்ணு அடைச்சு இறுகிப்போச்சு. கழட்டிக் கழுவலாம்னு மேல தூக்கினா அசையவே இல்லை. ஞாயித்துக்கிழமை பெயிண்டர் வர்றாங்க. எப்படிக் கழட்டறது?

ஏற்காடு ரோடு:
எத்தனை டிராக்? கொசுவலை இருக்கா? கிரில் உள்ளயா வெளியவா? ஜன்னல் முழுசா மூடின நிலையில மாட்டிக்கிச்சா, பாதியிலயா? இதெல்லாம் தெரியாம எதுவும் சொல்ல முடியாதுங்க.

குமரன்:
கழட்டவே வேண்டாம். துரு எடுக்கற ஸ்பிரேயை டிராக் முழுக்க அடிச்சு அரை மணி நேரம் விடுங்க, தானா ஓடும்.

பழைய உறுப்பினர்:
டிராக்கைச் சுத்தம் பண்ணாம ஷட்டரைத் தூக்கப் பார்க்கறதே தப்பு. இங்க எத்தனை தடவை எழுதியாச்சு! தேடிப் படிச்சுட்டுக் கேள்வி கேக்கக் கூடாதா?

மாடிவீடு:
மூணு டிராக். வலை உள்பக்கம், கிரில் வெளிய. ரெண்டு கண்ணாடியும் மூடியே இருக்கு. 4 அடிக்கு 4 அடி. போன மாசம் வெளிப் பூச்சு வேலை நடந்துச்சு, அதுக்கப்புறம்தான் இப்படி.

ஏற்காடு ரோடு:
அப்ப அது வெறும் மண்ணு இல்லை, சிமெண்ட் பால் இறங்கி இறுகியிருக்கும். கிரில் வெளிய இருக்கறது நல்லது, ஷட்டரை உள்பக்கமா எடுக்கலாம்.

முதல்ல வலை ஷட்டரை எடுத்துடுங்க. அது உள் டிராக்குல இருக்கற வரைக்கும் கண்ணாடி வெளிய வராது. அடுத்து நடு டிராக்குல இருக்கற கண்ணாடி. அது நிக்காத பாதியில மேல் டிராக் காலியாத் தெரியும். டார்ச் அடிச்சுப் பாருங்க. ஷட்டரைத் தூக்க முடியாதபடி அங்க ஒரு பிளாஸ்டிக் கட்டையோ ஸ்குரூவோ வெச்சிருப்பாங்க. இருந்தா கழட்டுங்க.

மூடின நிலையிலேயே எடுக்கப் பார்க்காதீங்க. நடுவுல ரெண்டு ஷட்டரும் ஒண்ணுக்கொண்ணு கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். மேல எழும்பினாலும் கீழ்ப்பக்கத்தை உள்ள இழுக்க வராது. ஆறு அங்குலமாவது நகர்த்தியாகணும்.

அதுக்குத்தான் டிராக் சுத்தம். பிளாஸ்டிக் பட்டையாலயோ மரக்குச்சியாலயோ காரையைப் பெயர்த்து எடுங்க. அப்புறம் சோப்புத் தண்ணி, பழைய டூத்பிரஷ். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டாம், அலுமினியத்தையே அரிச்சிடும். இப்ப பட்டி போடற தகட்டை ஷட்டருக்கு அடியில, ஓரத்துல இருந்து ரெண்டு மூணு அங்குலம் தள்ளி விட்டு லேசா நெம்புங்க. சக்கரம் அங்கதான் இருக்கும். பாரம் குறைஞ்சதும் இன்னொருத்தர் ஷட்டரோட அடிப்பகுதியைப் பிடிச்சுப் பக்கவாட்டுல தள்ளட்டும். கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தா ஷட்டர் கோணும். ஓடாத சக்கரத்தை வலுக்கட்டாயமா இழுத்தா ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாயிடும், அப்புறம் கழுவியும் பிரயோஜனம் இல்லை.

நகர்ந்ததும் ஷட்டரோட பக்கவாட்டுல, கீழ ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா உள்ள சக்கரத்தை ஏத்தி இறக்கற ஸ்குரூ. ஒருத்தர் ஷட்டரை லேசாத் தூக்கிப் பிடிக்க, அரைச் சுத்து திருப்புங்க. ஷட்டர் டிராக்கை நோக்கி இறங்கினா சரியான திசை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருப்பணும். பிறகு நேரா மேல தூக்கி, சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டினதும் அடியை உங்க பக்கம் இழுங்க. 5 எம்எம் கண்ணாடின்னா ஒரு ஷட்டர் கண்ணாடி மட்டுமே ஏழெட்டு கிலோ வரும். ரெண்டு பேர் கட்டாயம் வேணும்.

மலர்:
ஏற்காட்டுல எங்க வீட்டுல மண்ணே இல்லை, ஆனாலும் ஓடலை. மூடுபனி ஈரம்தான் காரணமா?

ஏற்காடு ரோடு:
இருக்கலாம் மலர். சக்கரம் நைலானா இருந்தாலும் நடு ஊசி இரும்புன்னா துரு பிடிச்சிடும். பழைய சக்கரத்தைக் கையில எடுத்துட்டுப் போய் அதே அகலம், அதே உயரத்துல வாங்குங்க. ஜோடியாத்தான் மாத்தணும்.

குமரன்:
அதுக்குத்தான் எண்ணெய் விடச் சொன்னேன்.

பழைய உறுப்பினர்:
எண்ணெய் விட்ட டிராக்குல அடுத்த வாரமே புழுதி ஒட்டும். மெழுகுவர்த்தியைத் தேய்ச்சா போதும்.

குமரன்:
மெழுகு வெயில்ல இளகாதா? சேலம் வெயில்ல?

ஏற்காடு ரோடு:
குமரன் சொல்ற ஸ்பிரே துரு பிடிச்ச ஊசியை இளக்கும், அது உண்மை. ஆனா சிமெண்டைக் கரைக்காது. இளகினதும் துடைச்சு எடுத்துட்டு, சக்கர ஊசியில மட்டும் சிலிகான் ஸ்பிரே அடிச்சா போதும். தண்டவாளத்துல எதுவும் வேண்டாம்.

பழைய உறுப்பினர்:
மெழுகுல எனக்கு எந்தக் குறையும் தெரியலை.

மாடிவீடு:
மேல ஸ்குரூ இருந்துச்சு. நடு டிராக் ஷட்டர் வந்துடுச்சு, ஒரு சக்கரம் தட்டை. வெளி டிராக் ஷட்டர் மட்டும் ஓட்டையில திருப்பியும் மேல போய் முட்டுது.

ஏற்காடு ரோடு:
அந்த ஷட்டரை ஓரத்துல வெச்சு ஒரு தடவை, நடுவுக்கு நகர்த்தி ஒரு தடவை தூக்கிப் பாருங்க. நடுவுல மட்டும் முட்டுச்சுன்னா மேல் டிராக் கீழ வளைஞ்சிருக்கு. ஜன்னலுக்கு மேல இருக்கற லிண்டல் அழுத்துதா, பூச்சு அழுத்துதான்னு நேர்ல பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் நெம்பாதீங்க, கண்ணாடி உடைஞ்சிடும்.