கேமிங் கஃபே: வீட்டு லைசென்ஸா, வணிக லைசென்ஸா?

சேலம் அஸ்தம்பட்டியில் 6 கணினிகளோடு சின்ன கேமிங் கஃபே ஒன்றை அடுத்த மாதம் திறக்கப் போகிறேன். லைசென்ஸில்தான் சிக்கிக்கொண்டேன்.

என் ஸ்டீம் கணக்கில் வாங்கிய ஒரு கேமை இரண்டு கணினிகளில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவதில் தொடங்கியதும் முதலாவது நின்றுவிட்டது. குடும்பத்தாரோடு கேம்களைப் பகிரும் ஸ்டீமின் ஃபேமிலி வசதியையும் முயன்றேன். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடிகிறது. அப்புறம்தான் ஒப்பந்தத்தைப் படித்தேன்: அந்தக் கணக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. மணிக்குக் காசு வாங்கி ஆடவிட்டால் அது மீறல்.

கஃபேக்களுக்கென்று ஸ்டீமில் தனித் திட்டம் இருக்கிறது. அதில் சேரத் தயார். ஆனால் பையன்கள் அதிகம் கேட்கும் ஒரு கேமுக்கு அதில் வணிக லைசென்ஸ் இல்லை. அதன் நிறுவனத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் மூன்று வாரமாகப் பதில் வரவில்லை.

திட்டத்தில் பதிவு செய்த கடையில், வாடிக்கையாளர் தன் சொந்தக் கணக்கில் வாங்கிய அந்த கேமை ஆடினால் போதுமா, இல்லை அதற்கும் நிறுவனத்தின் அனுமதி தனியாக வேண்டுமா?