24 தவணை கட்டியும் 3,43,000 பாக்கி: பர்சனல் லோன் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருப்பூர் பனியன்காரன்

தங்கச்சி கல்யாணத்துக்கு 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 15 சதவீதம், 60 மாதம், தவணை 11,895 ரூபாய். ஒரு தவணைகூட பவுன்ஸ் ஆனதில்லை. இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, கணக்கை முடித்துவிடலாமா என்று ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தேன். 24 தவணையில் 2,85,480 ரூபாய் கட்டியிருக்கிறேன். அசலில் கழிந்தது 1,56,863 மட்டும்தான். பாக்கி 3,43,137. மீதி 1,28,000 சொச்சம் வட்டிக்கே போய்விட்டது. "முழு வட்டியையும் முன்னாடியே உருவிட்டான், இனி அடைச்சு என்ன பிரயோஜனம்" என்கிறார் மாமனார். உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

பழைய கேஷியர்

தம்பி, கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் இந்தச் சண்டையை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமனார் மாதிரி கோபமாக வருவார்கள், நான் ஸ்டேட்மெண்டின் முதல் இரண்டு வரியைத்தான் காட்டுவேன்.

முதல் மாதம் உங்கள் கையில் இருந்தது 5 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 6,250. நீங்கள் கட்டிய 11,895-ல் அதைக் கழித்தால் 5,645, அது அசலுக்குப் போகிறது. அடுத்த மாதம் கையில் இருப்பது 4,94,355. அதற்கு வட்டி 6,179. வட்டி 71 ரூபாய் குறைந்தது, தவணை மாறவில்லை, அதனால் அந்த 71 ரூபாய் அசலில் சேர்ந்துகொள்கிறது. இப்படியே போய்க் கடைசித் தவணையில் வட்டி வெறும் 147, அசல் 11,748. பெரிய கடனுக்குப் பெரிய வட்டி, சின்னக் கடனுக்குச் சின்ன வட்டி, அவ்வளவுதான். எதிர்கால வட்டி எதையும் அவர்கள் முன்கூட்டி எடுக்கவில்லை. இன்றைக்கு முடித்தால் மீதி 36 மாத வட்டி 85,000 சொச்சம் உங்களுக்கு மிச்சம்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் எக்செலில் இதைப் போட்டுப் பாருங்கள். தவணை, முதல் மாத வட்டி, கடைசி மாத அசல் மூன்றும் வரும்:

```
=PMT(15%/12,60,-500000)
=IPMT(15%/12,1,60,-500000)
=PPMT(15%/12,60,60,-500000)
```

சேலம் மாம்பழம்

கேஷியர் சார் சொல்வது சரி. ஆனால் பாதிக் காலம் தாண்டிவிட்டால் அடைக்கவே கூடாது, அதையும் சொல்லுங்கள். அப்புறம் போவதெல்லாம் அசல்தானே? என் அண்ணன் 48 தவணை கட்டியபிறகு அடைத்தார், ஒன்றும் மிச்சமில்லை என்று புலம்பினார். நம்மாளுக்கும் பாதி நெருங்கிவிட்டது, விட்டுவிடுவதே நல்லது.

ராசிபுரம் அக்கா

எனக்கும் இதே கதைதான்! மூணு வருஷமாக வட்டி கட்டுகிறேன், அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. வருஷம் ஒரு தடவை வட்டியைக் கட்டிவிட்டு மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். எனது நகைக்கடன், 6 பவுன்.

பழைய கேஷியர்

அக்கா, உங்களுடையது வேறு. அதில் மாதத் தவணையே இல்லை, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறீர்கள், அசல் அப்படியே நிற்கத்தான் செய்யும். கையில் கிடைப்பதை அசலிலும் கொஞ்சம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சேலம் தம்பி, பாதி சரி. காலத்தில் பாதி வேறு, கடனில் பாதி வேறு. இந்தக் கணக்கில் அசல் பாதியாகக் குறையவே 36 தவணை ஆகிறது. அண்ணனுக்கு ஏன் மிச்சமில்லை என்றால், 48 தவணைக்குப் பிறகு இதே கடனில் பாக்கி 1,31,788. மீதி 12 மாதத்துக்கு வட்டி 11,000-க்கும் கொஞ்சம் குறைவு. முன்கூட்டி முடிக்க 4 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டால் 6,200 ரூபாய் அதற்கே போகும். மிச்சம் 4,700 சொச்சம். அந்தப் பணம் எஃப்.டி.யில் கிடந்திருந்தால் கிட்டத்தட்ட அதே அளவு வட்டி தந்திருக்கும். ஆக, அவரை அடித்தது அபராதம். அபராதமே இல்லாத கடனாக இருந்தால், கடைசி வருஷம் அடைத்தாலும் மாதா மாதம் குறையும் பாக்கிமேல் வருஷத்துக்கு 15 சதவீதக் கணக்கில் மிச்சம்தான், தொகைதான் சின்னது.

கரூர் பஸ் பாடி

நான் மாட்டியது வேறு இடம். ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் "எட்டரை சதவீதம்தான் சார்" என்றார்கள். 5 லட்சம், 5 வருஷம், தவணை 11,875. பேங்க்கில் 15 சொன்னதால் இங்கே ஓடிவந்தேன். இப்போது பனியன்காரர் தவணையைப் பார்த்தால் 20 ரூபாய்தான் வித்தியாசம்! அவர்கள் சொன்னது பிளாட் ரேட். 5 வருஷமும் முழு 5 லட்சத்துக்கும் வட்டி போட்டு, 2,12,500 சேர்த்து, 60-ஆல் வகுத்துவிட்டார்கள். மாதா மாதம் அசல் குறைவதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. முடிக்கப் போனால் பாக்கி எவ்வளவு காட்டுவார்கள் என்று கேட்டேன், ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள்.

பழைய கேஷியர்

எட்டரை பிளாட் என்றால் குறையும் பாக்கிக் கணக்கில் கிட்டத்தட்ட 15-தான். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய தனிநபர் கடன் என்றால், ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் கொடுத்திருக்க வேண்டும். கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி விகிதம் அதில் இருக்கும், தவணைவாரியாக வட்டி எவ்வளவு அசல் எவ்வளவு என்ற பட்டியலும் கூடவே இருக்கும். அதை எழுத்தில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு தொகை சொல்வதை அப்போதுதான் நிறுத்துவார்கள்.

மதுரை லேத்

பார்ட் பேமெண்ட் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நான் 1 லட்சம் கூடுதலாகக் கட்டினேன். கட்டியது ஆப்பில் தெரிந்தது, ஆனால் பாக்கி அசல் குறையவில்லை. கேட்டால், அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக வைத்திருக்கிறார்களாம்! பணம் அவர்களிடம், வட்டி முழு அசலுக்கும். இரண்டு மெயில் போட்டபிறகுதான் அசலில் வரவு வைத்து புதிய ஷெட்யூல் கொடுத்தார்கள். அதிலும் தவணைத் தொகையைக் குறைத்துவிட்டு காலத்தை அப்படியே விட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது அதே தவணை, குறைந்த காலம்.

பழைய கேஷியர்

நல்ல பாயிண்ட். பனியன்காரர் தம்பி, மொத்தமாக முடிக்கப் பணம் போதாதென்றால் இதைப் பாருங்கள். இப்போது 1 லட்சத்தை அசலில் போட்டு தவணையை மாற்றாமல் விட்டால், மீதி 36 தவணை 24 ஆகிவிடும், வட்டியில் சுமார் 45,700 மிச்சம். அதே 1 லட்சத்தை 48-வது தவணைக்குப் பிறகு போட்டால் மிச்சம் 10,200 மட்டும். இரண்டிலும் வட்டி விகிதம் ஒன்றுதான், அந்தப் பணம் அசலை எத்தனை மாதம் குறைத்து வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

திருப்பூர் பனியன்காரன்

சார், ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஃபோர்குளோஸ் செய்தால் பாக்கியில் 4 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும். 3,43,137-க்கு சுமார் 16,200 வருகிறது. அது போனாலும் கிட்டத்தட்ட 69,000 மிச்சம் நிற்கிறது. மாமனாரிடம் பேப்பரில் எழுதிக் காட்டினேன், "அப்போ அந்த 1,28,000?" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறார்.

சேலம் மாம்பழம்

69,000 என்பது முழுப் பணமும் கையில் சும்மா கிடந்தால்தானே? நூல் வாங்க அதையே பிசினஸில் சுற்றவிட்டால் மாதம் ஒன்றரை சதவீதம் கிடைக்காதா?

திருப்பூர் பனியன்காரன்

சீசன் நன்றாக இருந்தால் கிடைக்கும் அண்ணே. போன வருஷம் பில் பணம் வரவே நாலு மாதம் ஆச்சு.