புதுப்பிப்பு: சீனத்தில் ‘ஹென்’ எதற்கு?

என் பழைய கேள்வி: “‘தா ஷி காவ்’ (அவள் உயரம்) என்று எழுதினேன். ஆசிரியர், ஆங்கில ‘is’ போன்ற ‘ஷி’யை அடித்துவிட்டு ‘ஹென்’ போட்டார். ‘ஹென்’ என்றால் ‘மிகவும்’ அல்லவா?”

பதினைந்து ஆண்டுகள் பெய்ஜிங்கில் இருந்த அக்கா ஒருவர் தந்த விளக்கமே எனக்குப் பிடிபட்டது. சீனத்தில் ‘உயரம்’ என்ற சொல்லே பயனிலையாக நிற்கும் என்பதால், நம் ‘அவள் உயரம்’ போலவே அங்கும் ‘ஷி’ தேவையில்லை. ஆனால் வெறுமனே ‘தா காவ்’ என்றால், ‘யாரைவிட?’ என்று கேட்பவர் காத்திருப்பாராம். ‘கெக காவ், திதி அய்’, அதாவது அண்ணன் உயரம், தம்பி குள்ளம் என்று ஒப்பிடும்போது ‘ஹென்’ இன்றியே வாக்கியம் நிறைகிறது. மற்றபடி, அழுத்தாமல் சொல்லும் ‘ஹென்’ அந்த ஒப்பீட்டுத் தொனியை நீக்குகிறதே தவிர, ‘மிகவும்’ என்ற பொருளை அநேகமாகத் தருவதில்லை.

‘ஹென்’தான் சீனத்தின் ‘இருக்கிறது’ என்றார் இன்னொரு நண்பர். அப்படியானால் ‘தா பு காவ்’ (உயரமில்லை), ‘தா காவ் மா?’ (உயரமா?) ஆகியவற்றில் அது ஏன் மறைகிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. மூன்றாமவர் கேள்வியை விட்டுவிட்டு, ‘ஹென் ஹாவ்’ என்னும்போது ‘ஹென்’ குரல் ஏறும் இரண்டாம் தொனிக்கு மாறுவதைத் தான் தவறவிட்ட கதையைச் சொன்னார், அதுவும் உதவியது.

உண்மையிலேயே ‘மிகவும்’ என்று சொல்ல ‘ஹென்’னை அழுத்தலாம், அல்லது ‘ஃபெய்சாங்’ போடலாம். அந்த அழுத்தத்தைப் பேச்சில் பிரித்தறிய மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.