புதுச் சுரங்கம் வந்தால் தங்கம் விலை இறங்குமா?

கண்ணன், நாமக்கல்: பெரிய தங்கப் படிவம் கண்டுபிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா என்று முன்பு கிடைத்தபோதும் விலை இறங்கியிருக்க வேண்டுமே? மகள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. பொறுத்து வாங்கலாமா?

தாமரை: இறங்கவில்லை. 1848இல் கலிபோர்னியாவில் கிடைத்தது, 1851இல் ஆஸ்திரேலியாவில், 1886இல் தென்னாப்பிரிக்காவில் ராண்டு என்று சுருக்கமாகச் சொல்லும் விட்வாட்டர்ஸ்ராண்டில். அமெரிக்காவில் அவுன்ஸின் சட்ட விலை 1837 முதல் 1933 வரை 20.67 டாலரிலேயே நின்றது. டாலர் என்பதே இவ்வளவு தங்கம் என்று சட்டம் சொல்லியிருந்தது.

செல்வம்: அப்புறம் என்ன? அரசாங்கம் வைத்ததுதான் விலை. சுரங்கத்துக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

தாமரை: பாதிதான் சரி. தங்கத்தின் விலை அசையாதபோது மற்ற பொருள்களின் விலை அசைந்தது. தங்கமே பணம் என்பதால், அது பற்றாதபோது பொருள்கள் மலியும், பெருகினால் பொருள்களின் விலை ஏறும். 1873க்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கோதுமை, பருத்தி எல்லாம் மலிந்துகொண்டே போயின. வாங்கிய கடன் அதே டாலரில் நிற்க, விளைச்சலுக்குக் கிடைத்த காசு குறைந்ததால் அமெரிக்க விவசாயிகள் திணறினார்கள். 1896க்குப் பிறகு காற்று திசை மாறியது, விலைகள் ஏறின. அதற்குப் பெரிய காரணம் ராண்டு தங்கம். அதிலும் மண்ணுக்கடியில் தங்கம் இருந்தது மட்டும் போதவில்லை.

அங்கே பாறையை இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். மேல்மட்டப் பாறையில் இது நன்றாக நடந்தது. கொஞ்சம் ஆழம் போனதும் கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் வந்தது. தங்கம் அதற்குள் சிக்கிக்கொண்டு தகட்டில் ஒட்டாமல் கழிவோடு போனது. 1889-90இல் ஜோகன்னஸ்பர்க் பங்குகள் சரிந்தன, பலர் ஊரைக் காலி செய்தார்கள். அதற்குள் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். தூளை மிகவும் நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைத்து, கரைந்த தங்கத்தைத் துத்தநாகச் சீவலில் இறக்குவது. இது 1890இல் ராண்டுக்கு வந்தது. கழிவாகக் கொட்டி வைத்த மண்ணிலிருந்தே தங்கம் எடுத்தார்கள். 1898இல் உலகத் தங்கத்தில் கால் பங்குக்கு மேல் அங்கிருந்து வந்தது.

உரிகம்பேட்டை ராபின்: சயனைடு என்றதும் எழுதத் தோன்றியது. நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் ஊரின் சயனைடு மேடுகள் இந்தக் கழிவு மண்தான். தாத்தா வடாற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். ஆடிக் காற்று அடித்தால் அந்த வெள்ளைத் தூசி சோற்றில் விழும், பாட்டி தட்டின் மேல் தட்டு கவிழ்த்துத்தான் கொண்டுவருவாள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் இருக்கும்போதே மூடியது ஏன் என்று இன்னும் ஆறவில்லை.

தாமரை: மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம், ராபின். தண்ணீர் இறைக்கவும் காற்று அனுப்பவுமே பெரும் செலவு. அந்த வருஷம் அவுன்ஸ் 270 டாலரை ஒட்டித்தான் இருந்தது.

செல்வம்: அந்த விலைக்கு யார் காரணம்? அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சுரங்கங்கள்! 1980 ஜனவரியில் 850 டாலர், 1999இல் 250 பக்கம். இடையில் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகளை, டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லாத பாறையிலிருந்து எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பாறையை பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மலையாகக் குவித்து, மாதக்கணக்கில் சயனைடு நீரைச் சொட்டவிட்டு, அடியில் வடிவதைப் பிடிப்பது. உலக உற்பத்தி இரண்டு மடங்கானது. விலை விழாமல் என்ன செய்யும்?

தாமரை: உற்பத்தி கூடியது உண்மை. ஆனால் அதே காலத்தில் அமெரிக்க வட்டி மிக உயரத்தில் இருந்தது. தொண்ணூறுகளில் மத்திய வங்கிகள் இருப்பை விற்றன, சுரங்கக் கம்பெனிகளும் இன்னும் தோண்டாத தங்கத்தை முன்கூட்டியே விற்றன. சுரங்கம் மட்டும்தான் காரணம் என்றால் 2001 முதல் 2008 வரை நடந்தது இடிக்கும். உற்பத்தி சற்றுக் குறைந்தது, விலையோ மூன்று மடங்கானது. இதுவரை தோண்டிய தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஒரு வருஷச் சுரங்கத் தங்கம் அதில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

செல்வம்: அந்த இரண்டு இருபது வருஷம் சேர்ந்தால் சின்னதா? உங்கள் ராண்டு கதையே அதைத்தானே சொல்கிறது.

தாமரை: அது நியாயமான கேள்வி. ராண்டு காலத்தில் இருப்பு சிறியது, புது வரவு அதில் பெரிய பங்கு. எண்பதுகளில் எத்தனை பங்கு சுரங்கம், எத்தனை பங்கு வட்டி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. விலை ஏறினால் உடனே உற்பத்தி கூடும் என்பதுகூட நிச்சயமில்லை. 1970இல் தென்னாப்பிரிக்கா 1,000 டன் எடுத்தது. அடுத்த பத்து வருஷம் விலை ஏற ஏற, அதுவரை கட்டுப்படியாகாத ஏழைப் பாறையையும் அரைத்தார்கள். அதே ஆலை, அதே டன் பாறை, தங்கம் குறைந்தது.

கண்ணன், நாமக்கல்: சரி, அப்போது செய்தியில் வரும் புதுப் படிவம்?

தாமரை: துளை போட்டுப் பார்த்து, அனுமதி வாங்கி, முதல் கட்டி வார்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆவது சாதாரணம், பல படிவங்கள் தோண்டப்படுவதே இல்லை. உங்கள் இரண்டு வருஷத்துக்குள் அந்தத் தங்கம் கடைக்கு வராது. விலை இறங்கலாம், ஏறலாம், ஆனால் அந்தச் செய்தியை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

உரிகம்பேட்டை ராபின்: எங்கள் மேட்டு மண்ணை மறுபடி அலசுவதாகப் பேச்சு இருக்கிறதே, இப்போதைய விலைக்கு அது கட்டுமா அக்கா?

தாமரை: டன்னுக்கு எத்தனை கிராம் மிச்சம், அதில் எவ்வளவு கரையும் என்பதில்தான் இருக்கிறது. அரைக்கும் செலவு ஏற்கெனவே முடிந்த மண் என்பது உங்களுக்குச் சாதகம். தூசிக்கு என்ன வழி செய்வார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.